மீன் கடையின் வாட்ஸ்அப் பட்டியல்: கேட்டுச் சேர்ப்பதும் சொன்னவுடன் நீக்குவதும்

மதுரையைப் போலக் கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊரில் மீன் கடை நடத்துபவருக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் நன்றாகப் பயன்படும். இராமேசுவரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வரும் வண்டியில் என்ன மீன் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது பெட்டியைத் திறந்த பிறகுதான் உறுதியாகத் தெரியும். தெரிந்த சரக்கை அன்றைக்கே விற்றாக வேண்டும். வாங்குபவருக்கும் சமையலைத் தீர்மானிப்பதற்கு முன்பே அந்தத் தகவல் தேவைப்படுகிறது. ஆகவே காலையில் ஒரு செய்தி போனால் இரண்டு பக்கமும் பயன் உண்டு. ஆனால் அதே செய்தி, அதைக் கேட்காதவருடைய கைப்பேசிக்கு, அதிலும் புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தால், யாரைப் பட்டியலில் சேர்ப்பது, எப்படி நீக்குவது என்ற கேள்விகள் தாமாகவே எழும். புதிதாகப் பட்டியல் தொடங்கும் சிறு கடைக்காரருக்காக, ஒரு மீன் கடையை எடுத்துக்காட்டாக வைத்து, இந்தக் கேள்விகளுக்கான நடைமுறையை இங்கே எழுதுகிறேன். பால், காய்கறி, துணி என எந்தக் கடைக்கும் சிறிது மாற்றி இதைப் பின்பற்றலாம்.

கடையில் இருக்கும் எண்கள் எதற்காக வந்தவை

தொடங்கும்போது பெரும்பாலான கடைகளில் ஏற்கெனவே சில நூறு எண்கள் இருக்கும். வீட்டுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுத்தபோது வழி கேட்பதற்காக வாங்கியவை, கடன் கணக்கில் எழுதியவை, ஜிபேயில் பணம் வந்தபோது கிடைத்தவை, "பெரிய வஞ்சிரம் வந்தால் சொல்லுங்கள்" என்று யாரோ ஒரு முறை சொல்லிவிட்டுப் போனவை என்று அவை பல வழிகளில் வந்திருக்கும். இவை அனைத்தையும் ஒரே பட்டியலில் போட்டுவிடலாம் என்ற எண்ணம்தான் முதலில் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. வழி கேட்பதற்காகக் கொடுத்த எண் வழி கேட்பதற்கு மட்டுமே உரியது.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, இதே நிலையை விளக்குவதற்கு ஒரு கடையைத்தான் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ஒருவர் மருந்துக் கடையில் பொருள் வாங்கிவிட்டு, பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீதைத் தன் கைப்பேசிக்கு அனுப்பும்படி எண்ணைத் தருகிறார். கடைக்காரர் அந்த ரசீதை அனுப்புவதற்கு அந்த எண்ணைப் பயன்படுத்தலாம் என்கிறது அந்தச் சட்டம். வேறு நோக்கத்துக்கு அதைப் பயன்படுத்த வேண்டுமானால் தனியாக ஒப்புதல் பெற வேண்டும். அந்த ஒப்புதல் கட்டாயமில்லாமல், நிபந்தனையில்லாமல், இன்ன காரியத்துக்கு என்று தெளிவாகச் சொல்லி, அவருடைய வெளிப்படையான ஒரு செயலின் மூலம் கிடைக்க வேண்டும். பேசாமல் இருப்பதைச் சம்மதமாகக் கொள்ள முடியாது. இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. ஒப்புதல் குறித்த கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை பழைய பழக்கத்திலேயே இருந்துவிட்டுப் பிறகு மாறிக்கொள்ளலாம் என்று நினைப்பது கடைக்காரருக்கே வேலையைக் கூட்டும். ஏனென்றால் யார் எப்போது சம்மதித்தார் என்ற பதிவு இல்லாத ஒரு பட்டியலைப் பிறகு உட்கார்ந்து சரிசெய்வது, புதிதாகத் தொடங்குவதைவிடக் கடினம். தவிர, வாட்ஸ்அப் நிறுவனத்தின் வணிகச் செய்திக் கொள்கை இப்போதே இதைத்தான் கேட்கிறது: எண்ணைத் தந்து, செய்தி பெறவும் ஒப்புக்கொண்டவருக்கு மட்டுமே கடை செய்தி அனுப்ப வேண்டும், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும்.

பட்டியல் எப்படி வேலை செய்கிறது

ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போகும்; பட்டியலில் வேறு யார் இருக்கிறார்கள் என்பது பெறுபவருக்குத் தெரியாது; அவர் பதில் எழுதினால் கடைக்கு மட்டுமே வரும். குழுவில் அப்படி இல்லை. குழுவில் சேர்த்தால் ஒவ்வொருவருடைய எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். மீன் வாங்க வந்த ஒரு பெண்ணின் எண்ணை முன்பின் தெரியாத நூறு பேருக்குக் காட்டும் உரிமை கடைக்கு இல்லை. அதனால் "குரூப்பில் போட்டுவிடுகிறேன்" என்ற பேச்சையே இந்த வேலையில் விட்டுவிடலாம்.

பட்டியலுக்கு இன்னொரு இயல்பு உண்டு. கடையின் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். இதைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எண்ணைச் சேமித்திருக்கிறார், ஆகவே சம்மதம்தான் என்று கணக்குப் போடுகிறார்கள். தேவைப்படும்போது தானே அழைத்து மீன் சொல்லலாம் என்பதற்காக அவர் சேமித்திருக்கலாம். சேமித்திருப்பது செய்தி சேர்வதற்கான நிபந்தனை மட்டுமே. சம்மதம் தனியாகத்தான் வர வேண்டும்.

என்ன அனுப்பப் போகிறோம் என்பதை முதலில் எழுதுங்கள்

அனுமதி கேட்பதற்கு முன்பு, எதற்காகக் கேட்கிறோம் என்பதைக் கடைக்காரர் தமக்கே எழுதிக்கொள்ள வேண்டும். நம்முடைய எடுத்துக்காட்டுக் கடை இப்படி எழுதிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "வாரத்தில் மூன்று நாள், புதன், சனி, ஞாயிறு, காலை ஏழு மணிக்கு, அன்று வந்திருக்கும் மீனும் கிலோ விலையும், ஒரே செய்தியாக." இது இரண்டு வரிதான். ஆனால் பின்னால் வரும் அனைத்தும் இதைச் சார்ந்தே இருக்கின்றன. "சலுகைகள், புதிய வரவுகள், இன்னும் பல" என்று பொதுவாக எழுதினால், வாடிக்கையாளர் எதற்குத் தலையாட்டினார் என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தினமும் நான்கு படங்கள் அனுப்பத் தொடங்கிய பிறகு "நீங்கள்தானே சரி என்றீர்கள்" என்று சொல்வதில் பொருள் இருக்காது.

எழுதிய அளவை மீறக் கூடாது. தம்பி பிரியாணிக் கடை திறக்கிறார் என்பது நல்ல செய்திதான். ஆனால் மீன் வரத்துக்காகச் சேர்ந்தவர்களுக்கு அது போகக் கூடாது. அவருடைய கடைக்கு இந்தப் பட்டியலைக் கொடுக்கவும் கூடாது. வேண்டுமானால் கடை வாசலில் ஒரு பலகை வைக்கலாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாம். ஸ்டேட்டஸை விரும்பியவர் மட்டும் திறந்து பார்ப்பார்.

வாடிக்கையாளரே முதல் செய்தியை அனுப்பட்டும்

அனுமதி பெறுவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. நோட்டில் பெயரும் எண்ணும் எழுதச் சொல்லலாம், வாயால் கேட்டுவிட்டுச் சேர்க்கலாம், சீட்டு அச்சடித்துக் கொடுக்கலாம். இவற்றில் ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. நோட்டில் ஓர் எண் தவறினால் செய்தி வேறு யாருக்கோ போகும். நோட்டில் எழுதுபவர் தமக்கு முன்னால் எழுதியவர்களின் எண்களையும் பார்ப்பார். வாயால் சொன்னதற்குப் பதிவே இருக்காது. ஆகவே நான் பரிந்துரைப்பது ஒரே வழியைத்தான்: சேர விரும்புபவர் தம் கைப்பேசியிலிருந்து கடைக்கு ஒரு சொல்லை அனுப்ப வேண்டும். எண் தவறாக வாய்ப்பில்லை, தேதியும் நேரமும் அந்த உரையாடலிலேயே இருக்கும், அனுப்பியவர் அந்தக் கைப்பேசிக்கு உரியவர்தான் என்பதும் தெரியும். சட்டப்படி, அறிவிப்புத் தந்து ஒப்புதல் பெற்றோம் என்று காட்ட வேண்டிய பொறுப்பு கடைக்காரருடையது. கேள்வி எழுந்தால் இந்த ஒரு செய்தி அதற்கு நல்ல சான்றாக நிற்கும்.

இதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே வசதி இருக்கிறது. அதன் அமைப்புகளில் Business tools என்ற பகுதிக்குள் Short link என்பதைத் திறந்தால் கடைக்கான இணைப்பும் கியூஆர் படமும் கிடைக்கும். அதிலேயே, தட்டியவுடன் வாடிக்கையாளரின் திரையில் தயாராக வந்து நிற்க வேண்டிய வாசகத்தையும் எழுதி வைக்கலாம். கையால் இணைப்பு அமைப்பதானால் அது இப்படி இருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=MEEN
```

91க்குப் பின்னால் கடையின் பத்து இலக்க எண்ணை எழுத வேண்டும். கூட்டல் குறி, முன்னால் வரும் பூஜ்யம், இடைவெளி எதுவும் கூடாது. கியூஆர் படத்தை அச்சிட்டு எடைத் தராசுக்கு அருகில் ஒட்டலாம். நனைந்த கையும் உப்புத் தண்ணீரும் உள்ள இடம் என்பதால் லேமினேட் செய்வது நல்லது. படத்துக்கு மேல், முன்பு எழுதிய இரண்டு வரியை அப்படியே அச்சிட வேண்டும். அதற்குக் கீழே, "எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்: வேண்டாம் என்று ஒரு பதில் போதும்" என்றும் எழுத வேண்டும். நிறுத்தும் வழியைச் சேரும் இடத்திலேயே காட்டிவிட்டால், தயங்கி நிற்பவரும் துணிந்து சேர்வார்.

கியூஆர் படிக்கத் தெரியாதவருக்கு, எண்ணைக் காட்டி "மீன்" என்று ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னால் போதும். தமிழிலோ ஆங்கில எழுத்திலோ, குரல் பதிவாகவோ எப்படி வந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். அவருடைய கைப்பேசியை வாங்கி நாமே தட்டி அனுப்பிக்கொடுப்பது உதவி போலத் தோன்றும். ஆனால் அப்போது அனுப்பியவர் நாம்தான். அதைத் தவிர்க்க வேண்டும்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். மீனை வெட்டிக் கொடுத்து, பணத்தையும் வாங்கிக்கொண்ட பிறகே கேட்க வேண்டும். பில் போடும் நேரத்தில் "நம்பர் சொல்லுங்க" என்று கேட்டால், பில்லுக்கு எண் கட்டாயம் என்றே பலர் நினைத்துக்கொள்வார்கள். எண் தராவிட்டால் பொருள் தர மாட்டோம் என்று கடைகள் வற்புறுத்துவது நியாயமற்ற வணிக முறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே அறிவுறுத்தியிருக்கிறது. கேட்கும் விதம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"அக்கா, வாரத்துல மூணு நாள் காலையில என்ன மீன் வந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல போடுறோம். வேணும்னா இதை ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. வேணாம்னா பரவாயில்ல."

அக்கா சிரித்துவிட்டு நகர்ந்தால் அத்துடன் விட்டுவிட வேண்டும். அடுத்த முறை வரும்போது மறுபடி கேட்பது நினைவூட்டல் ஆகாது, நச்சரிப்பு ஆகும். பலகை அங்கேயே இருக்கிறது, வேண்டும்போது அவரே பார்த்துக்கொள்வார். கூடவே வந்த பள்ளிப் பிள்ளை ஆர்வத்தில் தன் கைப்பேசியால் ஸ்கேன் செய்தால், பெற்றோரின் கைப்பேசியிலிருந்து அனுப்பச் சொல்ல வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்கிறது சட்டம்.

சேர்ந்தவுடன் செல்ல வேண்டிய பதில்

"மீன்" என்று செய்தி வந்தவுடன் பட்டியலில் போட்டுவிட்டு அமைதியாக இருந்துவிடக் கூடாது. எதில் சேர்ந்தார் என்பதை உறுதிசெய்யும் பதில் ஒன்று போக வேண்டும். இதைச் செயலியில் விரைவுப் பதிலாகச் சேமித்து வைத்துக்கொண்டால், சாய்வுக்கோடும் ஒரு குறுஞ்சொல்லும் தட்டினால் முழு வாசகமும் வந்துவிடும். வாசகம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். எங்கள் மீன் வரத்துச் செய்தியில் உங்களைச் சேர்த்திருக்கிறோம். புதன், சனி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு, அன்றைய மீனும் விலையும் ஒரு செய்தியாக வரும். உங்கள் எண்ணை இதற்கு மட்டுமே பயன்படுத்துவோம், யாரிடமும் தர மாட்டோம். செய்தி வந்து சேர எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள். நிறுத்த விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் 'வேண்டாம்' என்று அனுப்புங்கள்."

சேமிக்கச் சொல்லும் வரியை விட்டுவிட்டால், ஆர்வத்தோடு சேர்ந்தவருக்கே செய்தி போகாது. "சேர்ந்தேன், ஒன்றும் வரவில்லையே" என்று அவர் கடைக்கு வந்து கேட்பார்.

பிறகு அவருடைய உரையாடலுக்கு "வரத்து-சேர்ந்தவர்" என்று ஒரு லேபிள் இட வேண்டும். சிறு நோட்டிலோ கணக்குத் தாளிலோ பெயர், எண், சேர்ந்த தேதி, சேர்ந்த வழி என்ற நான்கையும் எழுத வேண்டும். உரையாடலிலேயே சான்று இருக்கும்போது நோட்டு எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசி தொலைந்து, காப்புப் பிரதியும் இல்லாமல் போனால் உரையாடல் போய்விடும். வாடிக்கையாளர் தம் பக்கத்தில் செய்திகள் தாமாக மறையும் அமைப்பை வைத்திருந்தாலும் அவர் அனுப்பிய "மீன்" சில நாளில் மறைந்துவிடும். நோட்டில் ஒரு வரி எழுதுவது அதற்காகத்தான். அந்த நோட்டு கல்லாவுக்குள் இருக்க வேண்டும். எல்லோரும் புரட்டும்படி மேசை மேல் கிடக்கக் கூடாது.

பழைய எண்களை என்ன செய்வது

ஏற்கெனவே இருக்கும் சில நூறு எண்களுக்கும் "எங்கள் பட்டியலில் சேர விருப்பமா?" என்று ஒரே ஒரு செய்தி அனுப்பினால் என்ன என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். அந்தச் செய்தியே கேட்காமல் அனுப்பும் விளம்பரம்தான். அதைவிட மோசமானது, "விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று அனுப்புங்கள், இல்லாவிட்டால் சேர்த்துவிடுவோம்" என்பது. அது மௌனத்தைச் சம்மதமாக மாற்றும் தந்திரம். பழைய வாடிக்கையாளர் அடுத்த முறை தாமாக அழைக்கும்போதோ, மீன் சொல்லி மெசேஜ் அனுப்பும்போதோ, அந்த ஆர்டரை முடித்துக் கொடுத்த பிறகு ஒரு வரியில் கேட்கலாம். அப்போது பேச்சைத் தொடங்கியவர் அவர்; கேள்வி இடையூறாக இருக்காது. அவர் "சரி" என்றால் நோட்டில் ஏற்றலாம், பதிலே வராவிட்டால் விட்டுவிட வேண்டும். இந்த வழியில் பட்டியல் மெதுவாகத்தான் வளரும். 400 பழைய எண்கள் உள்ள கடையில் மூன்று மாதத்தில் 120 பேர் சேர்ந்தால், அந்த 120 பேரும் காலையில் செய்தியைத் திறந்து பார்ப்பவர்களாக இருப்பார்கள். விற்பனைக்கு அவர்கள்தான் வேண்டும்.

நீக்குவது: ஒரு சொல், அதே நாள்

ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, அதைக் கொடுத்தது எவ்வளவு எளிதாக இருந்ததோ அதற்கு ஒப்பான எளிமையுடன் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நம் கடையில் சேர்வதற்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. ஆகவே விலகுவதற்கும் ஒரு சொல் போதும். கடைக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், காரணம் சொல்ல வேண்டும் என்பவை எல்லாம் இந்த அளவைத் தாண்டியவை.

ஒவ்வொரு பிராட்காஸ்ட் செய்தியின் கடைசி வரியிலும் நிறுத்தும் வழி இருக்க வேண்டும். சேர்ந்த அன்று ஒரு முறை சொன்னது ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவில் இருக்காது. ஒரு நாளைய செய்தி இப்படிப் போகலாம்:

"இன்று: வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, நண்டு. விலை படத்தில். காலை பதினொரு மணி வரை இருக்கும். செய்தி வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று பதில் அனுப்புங்கள்."

வாடிக்கையாளர் அந்தச் சொல்லையே அனுப்புவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. "போதும்", "STOP", "இனிமே அனுப்பாதீங்க தம்பி" என்று எப்படியும் வரலாம். கட்டைவிரலைக் கீழே காட்டும் படம் மட்டும் வரலாம். கடையில் மீன் வாங்கிக்கொண்டே வாய்மொழியாகவும் சொல்லலாம். இவை அனைத்தும் விலகல்தான். கல்லாவில் இருப்பவரிடம் சொன்னது கைப்பேசி வைத்திருப்பவருக்குப் போகாமல் போவது வழக்கமான சிக்கல். யாரிடம் சொன்னாலும் உடனே நோட்டில் எழுத வேண்டும் என்று கடையில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

செய்தி வந்தவுடன், அல்லது அதே நாள் கடை அடைப்பதற்குள், எப்படியும் அடுத்த பிராட்காஸ்ட்டுக்கு முன்பு, அவரை நீக்கிவிட வேண்டும். பிராட்காஸ்ட் பட்டியலைத் திறந்து, அதன் பெயரைத் தட்டி, பெறுபவர்களைத் திருத்தும் இடத்துக்குப் போய் அவர் பெயரை எடுக்க வேண்டும். 256 பேரைத் தாண்டி இரண்டாவது பட்டியல் தொடங்கியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். அண்ணனுடைய கைப்பேசியிலும் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். விலகியவருக்கு இரண்டாம் முறை செய்தி போவது பெரும்பாலும் இந்த மறந்துபோன இரண்டாவது பட்டியலிலிருந்துதான். பட்டியலை நிர்வகிப்பது ஒரே கைப்பேசியாக இருப்பது இதற்கு நல்ல தீர்வு.

நீக்கிய பிறகு ஒரே ஒரு பதில் போதும்: "நிறுத்திவிட்டோம். மீன் தேவைப்பட்டால் எப்போது வேண்டுமானாலும் இந்த எண்ணுக்கு எழுதலாம்." ஏன் என்று கேட்கக் கூடாது, "கடைசியாக ஒரு சலுகை" என்று பேரம் பேசவும் கூடாது. இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. கடை மூடியிருக்கும் நேரத்துக்கான தானியங்கிப் பதிலாக, "வரவேற்கிறோம்! இந்த வாரச் சிறப்பு விலை..." என்று ஏதாவது விளம்பரம் எழுதி வைத்திருந்தால், இரவு பத்து மணிக்கு "வேண்டாம்" என்று அனுப்பியவருக்குப் பதிலாக அந்த விளம்பரமே போகும். தானியங்கிப் பதில்களில் கடை நேரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

விலகியவரின் எண்ணைக் கைப்பேசியிலிருந்தே அழித்துவிடலாமா? தொடர்ந்து ஆர்டர் சொல்பவராக இருந்தால் எண் தேவைப்படும். ஆனால் எண் இருக்கும்வரை ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு நாள் புதிய பட்டியல் ஒன்றை உருவாக்கும்போது, தொடர்புகளில் இருக்கும் எல்லோரையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால், விலகியவரும் மறுபடி உள்ளே வந்துவிடுவார். இதைத் தடுக்க, "வரத்து-சேர்ந்தவர்" லேபிளை எடுத்துவிட்டு "அனுப்பக் கூடாது" என்ற லேபிளை இட வேண்டும். தொடர்பின் பெயருக்கு முன்னால் "வே" என்று ஓர் எழுத்தைச் சேர்த்தால் தட்டும்போதே கண்ணில் படும். நோட்டிலும் அவர் வரியை அடித்துவிடாமல், விலகிய தேதியை எழுத வேண்டும். அவரே மறுபடி "மீன்" என்று அனுப்பினால் மட்டும் புதிய வரியாகச் சேர்க்கலாம்.

விரதக் காலங்களுக்கான இடைநிறுத்தம்

மீன் கடைக்கே உரிய ஒரு விஷயம் இது. புரட்டாசி முழுவதும் அசைவம் தொடாத குடும்பங்கள் உண்டு. கார்த்திகையில் மாலை போடுபவர்கள் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களில் தவக்காலம் உண்டு. இவர்கள் செய்தியே வேண்டாம் என்று நினைப்பவர்கள் அல்லர். இப்போதைக்கு வேண்டாம் என்பவர்கள். அவர்களுக்கு முழு விலகலை மட்டுமே வழியாக வைத்தால் விலகிவிடுவார்கள், அல்லது எரிச்சலில் கடையைத் தடைசெய்துவிடுவார்கள். ஆகவே செப்டம்பர் பாதியில், புரட்டாசி பிறப்பதற்கு முந்தைய செய்தியில் ஒரு வரி சேர்க்கலாம்: "புரட்டாசி முடியும்வரை நிறுத்தி வைக்க 'விரதம்' என்று அனுப்புங்கள்." அப்படி அனுப்பியவர்களை "புரட்டாசி" என்று ஒரு லேபிளுக்கு மாற்றிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும், எந்தத் தேதியில் திரும்பச் சேர்ப்போம் என்பதைப் பதிலில் சொல்ல வேண்டும். அவர்களே கேட்ட இடைநிறுத்தம் என்பதால், ஐப்பசி பிறந்தவுடன் திரும்பச் சேர்ப்பது தவறில்லை. மாலை போட்டவருக்கு மாலை கழற்றும் நாள் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், அவரையே மறுபடி "மீன்" என்று அனுப்பச் சொல்வது சரியாக இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை இருக்கும்போது வரத்து குறையும். அந்த நாட்களில் சொல்லச் செய்தி இல்லை என்பதற்காகப் பட்டியலை வேறு எதற்கும் பயன்படுத்தாமல், தடை தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று என்று இரண்டு செய்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரியாக நடக்கிறதா என்பதை எப்படி அறிவது

அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து Info என்பதைப் பார்த்தால், யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார் என்பது தெரியும். ஒருவருக்குத் தொடர்ந்து பல வாரங்கள் சேராமலே இருந்தால், அவர் நம் எண்ணைச் சேமிக்கவில்லை, அழித்துவிட்டார், தடைசெய்துவிட்டார், அல்லது எண்ணையே மாற்றிவிட்டார். எது என்று வாட்ஸ்அப் சொல்லாது. அறிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. அழைத்து விசாரிக்காமல் நீக்கிவிடுவதே முறை. கைவிடப்பட்ட எண் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படும் என்பதால், "இது யார், எனக்கு ஏன் மீன் விலை அனுப்புகிறீர்கள்?" என்று ஒரு பதில் வந்தால், பழைய வாடிக்கையாளர் அங்கே இல்லை என்று கொண்டு, வருத்தம் தெரிவித்துவிட்டு உடனே நீக்க வேண்டும்.

வெளியே தெரியாத ஆபத்து, புகார். பெறுபவர் கடையின் எண்ணைப் புகார் செய்தால், கடை கடைசியாக அவருக்கு அனுப்பிய ஐந்து செய்திகள் வரை வாட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும். புகார்கள் சேர்ந்தால் கணக்கு முடக்கப்படலாம். அப்போது பட்டியலோடு ஆர்டர்களும், பல ஆண்டுகளாக வாடிக்கையாளர் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்ணில் இருந்த உரையாடல்களும் போய்விடும். நிறுத்தும் வழியைக் கடைசி வரியில் எழுதினால் ஆட்கள் குறைவார்கள் என்று சிலர் அஞ்சுவது உண்டு. குறைவார்கள்தான். அந்த வரி இல்லாவிட்டாலும் அதே ஆட்கள் புகார் பொத்தான் வழியாகவே வெளியேறுவார்கள்.

வாட்ஸ்அப்புக்குப் பதிலாக எஸ்எம்எஸ் அனுப்ப நினைப்பவர் இந்த நடைமுறையோடு நின்றுவிட முடியாது. அதற்கு, தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, வணிக எஸ்எம்எஸ் அனுப்புபவர்களுக்கான டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் கடையையும், அனுப்புபவர் பெயராகத் தெரியும் தலைப்பையும், வாசகத்தையும் பதிவுசெய்ய வேண்டும். பெறுபவர் 1909 வழியாக விளம்பரங்களை மறுத்திருக்கிறாரா என்பதும் அங்கே சரிபார்க்கப்படும்.